நானூற்று எண்பது நண்டுகள்

அன்று பேராசிரியர் டில்லிபாபுவின் தோளில் விழுந்தது பதினேழாவது சால்வை. செண்பகம் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். ஏழு வருஷம் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவளுக்கு எண்ணுவதைத் தவிர வேறு திறமை எதுவும் மிச்சமில்லை.

பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் ஒரு கல்யாண மண்டபம். காலையில் அங்கே யாருக்கோ வளைகாப்பு நடந்திருந்தது. மேடையின் பின்சுவரில் தெர்மாகோல் வளையல்கள் தொங்கின. அவற்றின் மேலேயே விழாக் குழுவினர் பேனரைக் கட்டிவிட்டார்கள். 'நண்டியல் நாயகர்' என்ற பட்டத்துக்கு இருபுறமும் ஜரிகை ஒட்டிய வளையல்கள் எட்டிப் பார்த்தன. பட்டம் கொடுத்த சங்கத்தின் பெயர் மூன்று வரிக்கு ஓடியது. உறுப்பினர்கள் முன்வரிசை நாற்காலிகளில் அடங்கிவிட்டார்கள்.

"நானூற்று எண்பது நண்டுகள்!" என்றார் டில்லிபாபு, மைக்கை விழுங்குவதுபோலப் பிடித்துக்கொண்டு. "நானூற்று எண்பது நண்டுகளை ஆராய்ந்து, ஓமம் உண்ட நண்டு சுறுசுறுப்பானது என்பதை உலகுக்கு முதன்முதலில் சொன்னது நம் சென்னை."

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செண்பகமும் தட்டினாள். அடுத்த ஸ்லைடுக்கு ஒரு பொத்தானையும் தட்டினாள். அந்த நானூற்று எண்பதை அட்டவணையில் ஏற்றியவள் அவள்தான். நண்டுகள் மொத்தம் பன்னிரண்டு என்பதும் அவளுக்குத் தெரியும். இந்த இரண்டும் ஒரே தலைக்குள் இரண்டு வருஷமாகச் சண்டை போடாமல் குடியிருந்தன. களைத்துப்போன தலையில் எது வேண்டுமானாலும் குடியிருக்கும்.

நடந்தது இதுதான். அடையாறு கழிமுகத்துக் குப்பத்திலிருந்து லாசர் என்கிற மீனவர் பதினைந்து சேற்று நண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் நாள் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டதில் மூன்றைக் காணவில்லை. மற்ற பன்னிரண்டும் கொஞ்சம் பருத்திருந்தன. அதற்குப் பிறகு நண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி என்று பிரித்தார்கள். ஆறு நண்டுக்கு ஓமப்பொடி கலந்த தீனி, ஆறுக்குச் சாதாரணத் தீனி. தினமும் காலையில் ஒவ்வொரு நண்டையும் மல்லாக்கப் போட்டு, அது தானாகப் புரண்டு எழ எத்தனை செகண்டு ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்க்க வேண்டும். சீக்கிரம் எழுந்தால் தெம்பான நண்டு. நாற்பது நாள் பார்த்தார்கள். பன்னிரண்டை நாற்பதால் பெருக்கினால் நானூற்று எண்பது.

இதில் பொய் ஒன்றும் இல்லை. மல்லாக்கப் போட்டது நானூற்று எண்பது முறை. ஆனால் கணினியில் ஏற்றும்போது, தாளின் இடது ஓரத்தில் 'நண்டு எண்' என்று ஒரு பத்தி இருந்தது. டில்லிபாபு பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா? சாஃப்ட்வேருக்கு ஓமமா இல்லையா, எத்தனை செகண்டு, ரெண்டு போதும். பக்கத்தோட அழகைக் கெடுக்குது" என்றார். செண்பகம் அந்தப் பத்தியை அழித்தாள். அந்த நொடியிலிருந்து கணினிக்கு முன்னால் இருந்தவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நானூற்று எண்பது நண்டுகள். கணினி அவற்றை நம்பியது. அதற்கு வேறு வழியில்லை.

விழா முடிந்து மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்தபோது அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தீசிஸைச் சமர்ப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அது. அதைத் தாண்டினால் பதிவே ரத்து. முப்பத்தொன்பது வயதில், அதே கல்லூரியில் ஒன்பதாவது வருஷமாகக் கௌரவ விரிவுரையாளராக இருப்பவளுக்கு, டாக்டர் பட்டம் இல்லாமல் நிரந்தர வேலைக்கு மனுப் போடக்கூட முடியாது. கௌரவம் என்ற சொல்லை வேலையின் பெயரில் வைத்தால் மற்றதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்குத்தான் சால்வை போட வேண்டும்.

*

திங்கட்கிழமை பேப்பரில் செய்தி வந்தது. ஆறாம் பக்கம், படத்தோடு. 'அடையாறு கழிமுகத்தில் பிடிக்கப்பட்ட 480 நண்டுகளில் ஆய்வு. சென்னைப் பேராசிரியர் சாதனை.'

புதன்கிழமை காலையில் லாசரும் அவர் மனைவி எஸ்தரும் கல்லூரிக்கு, துறை அறைக்கே வந்துவிட்டார்கள். லாசர் வாசற்படியிலேயே நின்றார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. எஸ்தர் கழற்றாமல் நேரே உள்ளே வந்து, பேப்பரை மேஜையில் விரித்தாள். அதில் மீன் சுற்றியிருந்த ஈரம் இருந்தது.

"இன்னாமா இது?"

செண்பகம் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். விஷயம் துண்டு துண்டாக வந்தது. குப்பத்தில் கழி நண்டு பிடிக்கக் கட்டுப்பாடு உண்டு. அலையாத்திச் செடி ஓரத்தில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத்தான் இறங்க வேண்டும். இத்தனைக்கு மேல் எடுக்கக்கூடாது, முட்டை வைத்த நண்டை விட்டுவிட வேண்டும். ஆராய்ச்சிக்கென்று லாசர் ஊர்க் கூட்டத்தில் கேட்டு வாங்கிய அனுமதி பதினைந்துக்கு. இப்போது பேப்பரில் நானூற்று எண்பது. ஊருக்கே தெரியாமல், தன் முறை இல்லாத நாட்களிலும் இறங்கி, லாசர் கழியைத் துடைத்துவிட்டார் என்று பேச்சு. இரண்டு வருஷமாக ஏன் நண்டு கம்மி என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் விடை கிடைத்துவிட்டது. தலைவர் மரியசெல்வம், விசாரித்து முடிகிறவரை லாசருக்கு முறை இல்லை என்று சொல்லிவிட்டார்.

"இவரு வலையக் கழுவி மாட்டிட்டு குந்திக்கினுகீறாரு" என்றாள் எஸ்தர். "நேத்து எங்க முறை. பக்கத்து வூட்டுக்காரன் எறங்கறான். என் கூடையில ஒரு நண்டு இல்ல. பொதுக்குழாயில ஒரு பொம்பள கேக்கறா, நானூத்தி எம்பதயும் நீயே துன்னியான்னு."

லாசர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் பதினஞ்சுதான் குட்தேன். உனக்குத் தெரியும்லமா?"

அவளுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவளே அவள்தான்.

அவர்களை டில்லிபாபுவின் அறைக்கு அழைத்துப் போனாள். அவர் எழுந்து நின்று கைகூப்பி வரவேற்றார். கடலோர மக்கள் மீது அவருக்கு மேடையில் பெரும் மரியாதை உண்டு. பிறகு உட்கார்ந்து, மாதிரி எண்ணிக்கையைக் குறிக்கும் 'என்' என்ற ஆங்கில எழுத்து அறிவியலில் வகிக்கும் இடத்தைப் பற்றி ஏழு நிமிடம் பேசினார். ஆய்வு என்பது அவதானம். அவதானம்தான் அடிப்படை அலகு. நண்டு வெறும் கருவி. லாசர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கோயில் பிரசங்கத்தில் பழகிய தலை அது.

எஸ்தர் ஆட்டவில்லை. "ஒரே நண்ட நாப்பது தபா திருப்பிப் போட்டா, அது நாப்பது நண்டா சார்?"

"அப்படிக் கொச்சையாச் சொல்லக்கூடாதும்மா."

"கொச்சையா இல்ல சார். மார்க்கெட்ல வர்றவங்க ஒரே நண்டக் காலப் புடிச்சி, வயித்தத் தட்டி, பத்து தபா திருப்பிப் பாப்பாங்க. பத்து நண்டுக்கா எடை போடறேன்?"

டில்லிபாபு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செண்பகம் ஏதாவது பொருத்தமாக எழுதிக் கொடுப்பாள் என்று சொல்லி, மறுபடி கைகூப்பி அனுப்பிவைத்தார்.

*

மத்தியானம் ஆய்வகத்தில் யாரும் இல்லை. அலமாரியின் அடித்தட்டில், பூச்சி மருந்து டப்பாவுக்குப் பின்னால் பழைய நோட்டு கிடந்தது. நீர் பட்டு உப்பிய நீல அட்டை நோட்டு. திறந்ததும் உலர்ந்த நண்டு வாடை வந்தது. ஓரப் பத்தியில் எண்கள் இருக்கவில்லை, பெயர்கள் இருந்தன. உதவியாளர் பொன்னுரங்கத்தின் வேலை அது. எண் போட்டால் குழப்பம் வரும் என்று நண்டுக்கெல்லாம் அவர் பெயர் வைத்திருந்தார். ஜானு. தாதா. பெருமாள். மூக்கன். ஒத்தக்கை.

பொன்னுரங்கம் டீ வாங்கிக்கொண்டு வந்தவர், நோட்டைப் பார்த்ததும் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"ஜானு எப்பவுமே நாலு செகண்டு மேடம். நீங்க வாட்ச்ச அமுக்கறதுக்குள்ள எழுந்து நின்னுகினு மொறைக்கும். தாதாவும் அப்டிதான். பெருமாளுக்கு பதினொண்ணு. ஒரு நாளும் மாறல."

"ஓமம் சாப்ட்டதாலயா அண்ணே?"

"எங்க? ஜானு வந்த அன்னிக்கே, தீனி போடறதுக்கு முந்தியே என் கையில இருந்து வுழுந்துச்சு. மல்லாக்க வுழுந்து, நான் குனியறதுக்குள்ள ஓடிச்சி. பொறவியே அப்டி."

செண்பகம் டீயைக் குடிக்காமல் கணினியைத் திறந்தாள். அழித்த பத்தியைத் திரும்பச் சேர்த்தாள். நானூற்று எண்பது வரிக்கும் பெயர் போட மாலை நான்கரை மணி ஆனது. பிறகு ஒவ்வொரு நண்டின் நாற்பது அளவையும் கூட்டி, சராசரி பார்த்து, நண்டுக்கு ஓர் எண் என்று எழுதினாள். ஒரு பக்கம் ஆறு எண், மறு பக்கம் ஆறு எண்.

ஓமம் தின்ற ஆறு: நாலு, நாலு, பத்து, பத்து, பதினொன்று, பதினொன்று. ஓமம் தின்னாத ஆறு: எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பதிமூன்று.

கணக்குப் போடாமலே தெரிந்தது. வித்தியாசம் என்று அவர்கள் உலகுக்குச் சொன்னதில் முக்கால்வாசியும் ஜானுவும் தாதாவும்தான். அந்த இரண்டையும் கையால் மறைத்துப் பார்த்தால் மற்றவை ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். கையால் மறைப்பது கணக்கு இல்லை என்பதால் முறைப்படியும் போட்டுப் பார்த்தாள். நானூற்று எண்பதாக வைத்தபோது, ஓமத்துக்கு ஒரு சக்தியும் இல்லாமல் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர, பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்று சொன்ன கணினி, பன்னிரண்டாக வைத்ததும் எட்டில் ஒரு வாய்ப்பு என்றது. எட்டில் ஒன்று என்பது ஒன்றுமே இல்லை. ஷேர் ஆட்டோவில் இடம் கிடைப்பதைவிட அதிக வாய்ப்பு.

ஜானுவை நாற்பது தடவை அளந்தால் ஜானுவைப் பற்றி நன்றாகத் தெரியும். நாற்பத்தோராவது தடவையும் நாலு செகண்டுதான் என்று பந்தயமே கட்டலாம். ஆனால் நண்டு இனத்தைப் பற்றி ஒரு நண்டு சொல்லும் அளவுக்குத்தான் அது சொல்லும். இதை அவளே இளங்கலைப் பிள்ளைகளுக்கு இரண்டாம் பருவத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரே ஆளை நாற்பது தடவை கேட்டுவிட்டு ஊரே சொன்னது என்று எழுதக்கூடாது என்று உதாரணம் காட்டுவாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். தேர்விலும் சரியாக எழுதுவார்கள்.

"அந்த நண்டெல்லாம் எங்கண்ணே இப்ப?" என்று கேட்டாள், ஒரு பேச்சுக்கு.

பொன்னுரங்கம் டீ கிளாசை உருட்டினார். கடைசி நாள் பேராசிரியர் மேலாய்வுக்கென்று பன்னிரண்டையும் வீட்டுக்கு எடுத்துப்போனதையும், மறுநாள் டிபன் கேரியரில் மேலாய்வின் முடிவு வந்ததையும் சொன்னார். மிளகு தூக்கலாக இருந்ததாம்.

*

வியாழக்கிழமை டில்லிபாபுவிடம் தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் களைப்பூட்டும் விஷயம். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். இந்தத் துறையிலிருந்து வெளியே போன தீசிஸ்களை இந்தக் கண்ணால் பார்த்தால் பாதிக் கட்டடம் இடிந்துவிடும் என்றார். அவளுடைய வயதை நினைவூட்டினார். வெள்ளிக்கிழமையை நினைவூட்டினார். நாலாவது அத்தியாயம் விழுந்தால் புத்தகத்தில் மிஞ்சுவது முன்னுரையும் படங்களும்தான் என்றார். இதெல்லாம் உண்மை.

"குப்பத்துக்கு என்ன சார் எழுதறது?"

"பன்னெண்டுன்னு எழுதிக் குடு. சீல் வெச்சுக் குடு. பாவம், ஏழை ஜனங்க." அவர் குரல் இளகியது. "தீசிஸ்ல நானூத்தி எண்பது இருக்கட்டும். அங்க அது, இங்க இது. ரெண்டுமே உண்மைதானே?"

செண்பகத்துக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எறும்புகூடச் சாகாத ஏற்பாடு. லாசருக்கு முறை கிடைக்கும், அவளுக்குப் பட்டம் கிடைக்கும், இவருக்குப் பதினெட்டாவது சால்வை கிடைக்கும். தமிழில் ஒரு பக்கம் எழுதினாள். லாசரிடமிருந்து பெற்றுக்கொண்டவை பதினைந்து நண்டுகள் மட்டுமே. ஆய்வில் இருந்தவை பன்னிரண்டு. ஒவ்வொன்றும் நாற்பது முறை அளக்கப்பட்டதால் அளவுகளின் எண்ணிக்கை நானூற்று எண்பது. பொன்னுரங்கம் துறை முத்திரையை வாயால் ஊதிச் சூடேற்றிக் குத்தினார்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குப்பத்தில் கூட்டம். கோயிலுக்கும் மாதா சிலை வைத்த கெபிக்கும் நடுவில் வலை காயப்போடும் திடல். முப்பது பேர் இருப்பார்கள். அக்கரையில் அடுக்குமாடிக் கட்டடங்களின் கண்ணாடியில் வெயில் பட்டுத் திரும்பியது. லாசர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பது வருஷம் கழியில் இறங்கியவர் தன் திடலிலேயே விருந்தாளிபோல நின்றது செண்பகத்துக்குப் பார்க்க முடியவில்லை.

தலைவர் மரியசெல்வம் கடிதத்தை வாங்கி, சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்து, மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசித்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்து அவரையும் வாசிக்கச் சொன்னார். ஏழு வருஷத்தில் செண்பகம் எழுதிய எதையும் யாரும் மூன்று முறை வாசித்ததில்லை.

"பதினஞ்சு. சரி" என்றார் மரியசெல்வம். "லாசர் சொன்னதும் அதுதான். நாங்களும் அவன நம்பாம இல்லமா. ஆனா ஒண்ணு சொல்லு. பேப்பர்ல போட்டது எங்கேந்து வந்துச்சு?"

"எங்க ஆராய்ச்சியில இருந்து."

"அத புக்காப் போடறீங்களா?"

"ஆமா. வெள்ளிக்கிழமை குடுக்கணும்."

"அந்த புக்குல எத்தன நண்டு போட்டுக்கீது?"

செண்பகம் கடிதத்தின் முத்திரையைப் பார்த்தாள். திடலில் ஒரு நாய் வலையின் மேல் சுருண்டு படுத்தது. யாரோ அதை விரட்டினார்கள்.

மரியசெல்வம் கோபமில்லாமல்தான் பேசினார். இந்தக் கடுதாசி எங்க பீரோவுல கெடக்கும், புக்கு லைப்ரரியில கெடக்கும் என்றார். நாளைக்கு ஒரு ஆபீசர் வருவார். கழியைச் சுத்தம் பண்ணுகிறோம், நடைபாதை போடுகிறோம், நீங்கள் இறங்கக்கூடாது என்பார். ஏன் என்றால் அந்தப் புக்கைக் காட்டுவார். ஓர் ஆராய்ச்சிக்கே நானூற்று எண்பது நண்டைப் பிடித்துக் கொடுத்த ஊர், கழியை அழிப்பதே நீங்கள்தான் என்பார். அப்போது பீரோவைத் திறந்து கடுதாசியைக் காட்டினால் எவன் பார்ப்பான்?

"கடுதாசி வாணாம்மா. புக்குல மாத்து. மாத்தின பக்கத்தக் கொண்டாந்து காட்டு. அன்னிக்கு லாசருக்கு முறை."

எஸ்தர் அவளைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள். பஸ் வருகிற நேரத்தில், "மாத்துனா உனக்கு இன்னாமா ஆவும்?" என்று கேட்டாள்.

"பட்டம் வராம போகலாம்க்கா. எல்லாத்தையும் மறுபடி செய்யச் சொல்லலாம்."

எஸ்தர் யோசித்தாள். ஆறுதலாக ஏதாவது வரும் என்று செண்பகம் எதிர்பார்த்தாள். "மாத்தலன்னா எனக்கு இன்னா ஆவும்னு உனக்கே தெரியும்" என்றாள் எஸ்தர். பஸ் வந்துவிட்டது.

ஆதம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நியாயம், அநியாயம் என்றெல்லாம் அவள் யோசித்ததாகச் சொன்னால் அது பொய். இரண்டு எண்ணையும் இனி எத்தனை வருஷம் ஞாபகம் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளை அயர்த்தியது. ஓர் எண்தான் என்றால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை பாதி மிச்சம்.

*

நாலு நாளில் நாலாவது அத்தியாயத்தைத் திருப்பி எழுதினாள். ஆய்வில் இருந்த நண்டுகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் நாற்பது அளவுகளும் ஒரே நண்டினுடையவை என்பதால் அவற்றைத் தனித்தனி மாதிரிகளாகக் கொள்ள முடியாது. சராசரிகளை ஒப்பிட்டதில், ஓமத்தால்தான் வித்தியாசம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. ஓமத்தால் பயனில்லை என்றும் இதைக்கொண்டு சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கும் நண்டு போதாது. முன்பு நாற்பது பக்கமாக இருந்தது இப்போது பத்தொன்பது பக்கம் ஆனது.

வெள்ளிக்கிழமை காலை, கையெழுத்துக்காக ஐந்து பிரதிகளை டில்லிபாபுவின் மேஜையில் வைத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அவர் போனில் இருந்தார். மயிலாப்பூரில் ஐந்தாறு மாதம் கழித்து நடக்கப்போகும் ஏதோ கருத்தரங்கு.

"சார், நாலாவது அத்தியாயம் மாத்தியிருக்கேன். பன்னெண்டுன்னு போட்டிருக்கேன். முடிவும் மாறியிருக்கு."

"நல்லது, நல்லது" என்றார், போனைக் கையால் மூடாமலே. மஞ்சள் சீட்டு, கையெழுத்து. மஞ்சள் சீட்டு, கையெழுத்து. ஐந்தும் முடிந்ததும் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் புரட்டி வாசித்தார், நன்றியுரையை. 'தொலைநோக்கு' என்ற சொல் இருந்ததைப் பார்த்து, திருப்தியாக மூடினார்.

பயந்து பயந்து நாலு நாள் சோறு இறங்காமல் இருந்தது இதற்குத்தானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பு இல்லை. பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு, ஐந்தாவது பிரதியோடு நேரே குப்பத்துக்குப் போனாள். மரியசெல்வம் வாங்கிப் புரட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததால் நர்சிங் படிக்கும் டயானா என்ற பெண்ணைக் கூப்பிட்டு, வரி வரியாகச் சொல்லச் சொன்னார்கள். 'பன்னிரண்டு' வந்த இடத்தில் தலைவர் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப ஓமம் குட்தா நண்டுக்கு நல்லதா இல்லியா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"பன்னெண்டு நண்டை வெச்சுச் சொல்ல முடியாதுண்ணே."

"அத்தக் கண்டுபுடிக்கவா ஏழு வருஷம்?"

எல்லாரும் சிரித்தார்கள். லாசர் மட்டும் சிரிக்கவில்லை. வலையை எடுக்க வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் அவர் முறை.

*

ஐந்து மாதம் கழித்து வெளித்தேர்வாளரின் அறிக்கை வந்தது. இரண்டு பக்கம். போலிப் பிரதிகளை, அதாவது ஒரே நண்டைப் பல நண்டாக எண்ணியதை, தாமே கண்டறிந்து திருத்தியதற்குப் பாராட்டு, அரைப் பத்தி. மீதியெல்லாம் திருப்பி அனுப்புவதற்கான காரணம். நண்டுகளின் எண்ணிக்கை போதாது. போதிய தனித்தனி நண்டுகளைக் கொண்டு ஆய்வை மறுபடி செய்து, ஒரு வருஷத்துக்குள் சமர்ப்பிக்கலாம். பதிவு ரத்தாகவில்லை. பட்டமும் வரவில்லை. நிரந்தர வேலைக்கு அந்த வருஷம் மனுப் போட்டவர்களில் செண்பகம் இல்லை.

டில்லிபாபு அப்போதுதான் நாலாவது அத்தியாயத்தை முதன்முறையாக வாசித்தார். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் மயிலாப்பூர்க் கருத்தரங்கில் 'உயிரியல் ஆய்வில் போலிப் பிரதிகள்: ஓர் எச்சரிக்கை' என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசினார். ஒரே நண்டைப் பலமுறை அளந்து பல நண்டுகள் என்று சொல்லும் இளைய தலைமுறையின் அவசரத்தை நினைத்து அவர் குரல் தழுதழுத்தது. பதினெட்டாவது சால்வை, மெரூன் நிறம். ஸ்லைடுகளைத் தள்ளியது செண்பகம்தான்.

அந்த வாரமே அவள் மறுபடி குப்பத்துக்குப் போனாள். நாற்பது நண்டு வேண்டும் என்றாள். மரியசெல்வம் புருவத்தைத் தூக்கினார். "மறுபடியும் நாப்பதா? தபாவா, நண்டா?"

"நண்டுதான். நாப்பதும் வேற வேற நண்டு. முடிஞ்சதும் உயிரோட திருப்பிக் குடுத்துடறோம். எழுதித் தர்றேன்."

ஊர் கூடிப் பேசியது. இப்போது இருபது, மழை முடிந்து இருபது. எல்லாம் லாசர் முறையிலிருந்து மட்டும் எடுக்காமல் வீட்டுக்குக் கொஞ்சமாக. டிபன் கேரியர் எதுவும் ஆய்வகத்துக்குள் வரக்கூடாது. கடைசி நிபந்தனை எஸ்தருடையது. அவளுக்கு அந்த விஷயம் எப்படித் தெரிந்தது என்று பொன்னுரங்கத்திடம் யாரும் கேட்கவில்லை.

முதல் இருபது வந்த அன்று காலை, தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள். இந்தத் தடவை எதற்கு ஓமம், எதற்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் போடவும், தீனி கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை மல்லாக்கப் போட்டுப் பார்க்கவும் செண்பகம் திட்டம் எழுதியிருந்தாள். எத்தனை முறை அளந்தாலும் கடைசியில் ஒரு நண்டுக்கு ஒரு வரிதான். பொன்னுரங்கம் மார்க்கர் பேனாவோடு நின்றார்.

"நாப்பது பேருக்கு எங்க போறது மேடம்?"

"நம்பர் போட்டா போதும்ணே."

"நம்பர் போட்டா பின்னால யாராவது அழிச்சிடுவாங்க மேடம். பேரு வெச்சா கை வராது."

அவர் முதல் தொட்டியில் பெரிய எழுத்தில் 'டில்லி' என்று எழுதினார். இருப்பதிலேயே பெரிய நண்டு. தொட்டி கொள்ளாமல் இரண்டு கொடுக்கையும் விரித்து உட்கார்ந்திருந்தது. ஜாக்கிரதையாகத் தூக்கி மல்லாக்கப் போட்டார். செண்பகம் வாட்சை அமுக்கினாள்.

அது காலை உதைத்தது. கொடுக்கை ஆட்டியது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பொன்னுரங்கம் பொறுமையாகக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். முப்பத்தொன்பது செகண்டு. செண்பகம் நோட்டில் இடது ஓரத்தில் பெயரை எழுதி, பக்கத்தில் அந்த எண்ணை எழுதி, அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள்.